மே மாதப் பட்டை ஏன் மார்ச் உயரத்துக்கு நிற்கிறது?

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் வியாபாரிகளுக்கும் ஐஸ் ஆலைக்காரர்களுக்கும் மாத அறிக்கை போட்டுத் தருவது என் வேலை. அதில் அடிக்கடி தவறாகப் படிக்கப்படுவது நூறு சதவீத அடுக்குப் பட்டைதான். எக்செல் வரைபடங்களில் `100% Stacked Column` என்று இருப்பது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. மார்ச்சில் 100 டன் மீன் வருகிறது: மத்தி 40, கானாங்கெளுத்தி 20, மற்றவை 40. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மே மாதம் சிறிய படகுகள் கொண்டுவருவது 20 டன்: மத்தி 14, கானாங்கெளுத்தி 2, மற்றவை 4.

இதை நூறு சதவீதமாகப் போட்டால் இரண்டு மாதப் பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கும். மத்தியின் நிறம் 40 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு ஏறிவிடும். பார்ப்பவர் "மே மாசம் மத்தி நல்லா வந்திருக்கே" என்பார். உண்மையில் மத்தி 40 டன்னிலிருந்து 14 டன்னாக விழுந்திருக்கிறது. மற்ற மீன்கள் அதைவிட அதிகமாக விழுந்ததால்தான் அதன் பங்கு ஏறியது.

எக்செல் இன்னொரு குழப்பத்தையும் சேர்க்கிறது. இந்தப் பட்டையில் Data Labels போட்டால் சதவீதம் வராது, மூல எண்தான் வரும். பட்டையில் 70 சதவீத உயரத்தை நிரப்பியிருக்கும் மத்தியின் மேல் 14 என்று இருக்கும், பக்கத்து அச்சிலோ சதவீதம். அதை 14 சதவீதம் என்று வாசித்துவிடுவார்கள். அதனால் சதவீதத்தைத் தனி நெடுவரிசையில் கணக்கிட்டு, Value From Cells வழியாக லேபிளாகக் கொடுங்கள். அப்புறம், மாதப் பெயரோடு மொத்தத்தையும் சேர்த்துவிடுங்கள். A-யில் மாதம், B முதல் D வரை மீன் வகை என்றால்:

```
=TEXT(B2/SUM($B2:$D2),"0%")
=A2&" ("&SUM(B2:D2)&" டன்)"
```

இரண்டாவது வரி கொடுக்கும் பெயரை அச்சில் வைத்தால் "மே (20 டன்)" என்று பட்டைக்குக் கீழேயே தெரியும்.

சாதாரண அடுக்குப் பட்டையில், அதாவது `Stacked Column`-இல், மே குட்டையாக நிற்கும். மொத்தம் சரிந்தது உடனே கண்ணில் படும். ஆனால் அடியில் இருக்கும் வகையை மட்டும்தான் மாதத்துக்கு மாதம் நம்பி ஒப்பிடலாம். நடுவில் இருக்கும் கானாங்கெளுத்தி ஒவ்வொரு பட்டையிலும் வேறு உயரத்தில் தொடங்குவதால் கண் ஏமாறும். எந்த மீனைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அதை அடியில் வையுங்கள். Select Data-வில் பட்டியலின் முதலில் இருப்பதுதான் அடியில் வரும். நூறு சதவீதப் பட்டையில் மட்டும் உச்சியில் இருப்பதையும் ஒப்பிட முடியும், மேல் விளிம்பு எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதால்.

ஐஸ் ஆலைக்காரர் எத்தனை பார் ஐஸ் ஓட்டுவது என்று முடிவு செய்ய டன் வேண்டும். அவருக்குச் சாதாரண அடுக்குப் பட்டை கொடுக்கிறேன். வரத்தில் எந்த மீன் எவ்வளவு பங்கு என்று கேட்கும் வியாபாரிக்கு நூறு சதவீதம், அச்சில் டன்னோடு.