முதல் எட்டு வரிசைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இறக்குமதி

மதுரை கீழமாசி வீதியில் உள்ள ஒரு மொத்த மளிகைக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து எஸ்.க்யூ.எல் சர்வருக்கு மாற்றிக் கொடுத்தேன். 1,260 வரிசைகளும் ஏறிவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது. பிழை எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கடையின் கணக்கப்பிள்ளை அழைத்து, "சார், மேலூர் லைன்காரர் ஒருத்தர் பேர்கூடப் பாக்கிப் பட்டியல்ல இல்லையே" என்றார்.

நகர வாடிக்கையாளர்களுக்கு 1001, 1002 என்று எண்களும், மேலூர், உசிலம்பட்டி வாடிக்கையாளர்களுக்கு M101, U45 என்று எழுத்து கலந்த குறியீடுகளும் இருந்தன. எக்செல் கோப்பைப் படித்துக் கொடுக்கும் ஏஸ் இயக்கி, ஒரு நெடுவரிசை எண்ணா எழுத்தா என்பதை வழக்கமாக முதல் எட்டு வரிசைகளை வைத்தே தீர்மானிக்கிறது. நகரத்தார் மேலே இருந்ததால் அது எண் என்று முடிவுசெய்தது. பின்னால் வந்த 214 குறியீடுகள் எண்ணாக மாறாததால், நின்று பிழை சொல்லாமல், அந்த இடங்களை NULL ஆக்கிவிட்டது. பெயரும் முகவரியும் அப்படியே இருந்தன. குறியீட்டைக் கொண்டு பாக்கியை இணைக்கும்போதுதான் அவர்கள் காணாமல் போனார்கள். பிழைச் செய்தியோடு நின்றிருந்தால் அன்றே சரிசெய்திருப்பேன் என்பதால், இந்த மௌனத்தையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

இதற்கு, கோப்பைத் திறக்கும் இணைப்புச் சரத்தில் IMEX=1 என்று சேர்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். பார்க்கப்படும் எட்டு வரிசைகளுக்குள்ளேயே எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால்தான் அது நெடுவரிசையை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எட்டும் எண்களாக இருந்தால் பயனில்லை. எக்செல்லில் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Text என்று வடிவம் மாற்றுவதும் உதவாது, ஏனெனில் முன்பே தட்டச்சிட்ட எண்கள் உள்ளே எண்களாகவே இருக்கும்.

நான் செய்தது இதுதான்:

```
Extended Properties="Excel 12.0 Xml;HDR=NO;IMEX=1"
```

HDR=NO என்றால் தலைப்பு வரிசையும் தரவாக எண்ணப்படும். "குறியீடு" என்னும் சொல்லே முதல் வரிசையில் எழுத்தாக நிற்பதால் நெடுவரிசை கலப்பாகி, முழுவதும் எழுத்தாக வருகிறது. நெடுவரிசைகளுக்கு F1, F2 என்று பெயர் வரும். ஏற்றிய பிறகு தலைப்பு வரிசையை நீக்கிவிட வேண்டும். தொகை, தேதி ஆகியவையும் எழுத்தாகவே வருவதால் அவற்றைத் தனியே மாற்றவேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் வேலையை நான் மனமுவந்து ஏற்கிறேன்.

இப்போது ஒவ்வோர் இறக்குமதிக்குப் பின்னும், எக்செல்லில் வெற்றிடமே இல்லாத நெடுவரிசைகளுக்கு இதை ஓட்டுகிறேன்:

```
SELECT COUNT(*), COUNT(CustCode) FROM Customers;
```

இரண்டாவது எண்ணிக்கை NULL இடங்களைச் சேர்க்காது. பழைய அட்டவணையில் 1260, 1046 என்று வந்தது. மறுபடி ஏற்றிய பின் இரண்டும் 1260 ஆயின. அதன்பிறகே மேலூர் லைனின் பாக்கிப் பட்டியலைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன்.