சோறு இறங்குகிறது, எச்சில்தான் இடறுகிறது

தொண்டையில் ஏதோ உருண்டையாக நிற்கிறது. விழுங்கினாலும் போகவில்லை, செருமினாலும் வரவில்லை. முதல் இரண்டு நாள் மீன் முள்ளாக இருக்கும், மாத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைப்போம். அப்புறம் கட்டியோ என்ற பயம் வரும். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இட்லியும் சோறும் சப்பாத்தியும் தடையில்லாமல் இறங்குகின்றன. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை உருண்டையின் நினைவே இருப்பதில்லை. கை கழுவி எழுந்து, சும்மா எச்சிலை விழுங்கும்போது மறுபடியும் வந்து நிற்கிறது.

மருத்துவர்கள் இதைக் குளோபஸ் என்பார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் புதிதாக வருபவர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். வருகிறவர்களின் பயத்தைக் குறைக்கும் முக்கியமான தகவலை அவர்களே கையோடு கொண்டுவந்திருப்பார்கள்: எச்சில் இடறுகிறது, உணவு இடறவில்லை.

உணவுக்குழாயில் உண்மையான அடைப்பு வளரும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். முதலில் கெட்டியான உணவு சிக்கும். காய்ந்த சப்பாத்தி, இறைச்சித்துண்டு போன்றவற்றுக்குத் தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டிவரும். வாரங்கள், மாதங்கள் போனபின் குழைந்த சோறும் கஷ்டமாகும். அதற்கும் பிறகுதான் கஞ்சியும் தண்ணீரும். ஒரு மில்லிலிட்டர்கூடத் தேறாத எச்சிலை நிறுத்தும் அளவுக்கு அடைப்பு இருந்தால், அதற்கு வெகு முன்பே சோறு நின்றிருக்கும்.

அப்படியானால் அங்கே உணரப்படுவது என்ன? கழுத்தின் நடுவில், குரல்வளை மேட்டுக்குக் கீழே விரலை வைத்தால் மோதிரம்போல ஒரு குருத்தெலும்பு தட்டுப்படும். அதன் பின்புறம்தான் உணவுக்குழாயின் வாசல். அந்த வாசலைச் சுற்றி கிரிக்கோஃபாரிஞ்சியஸ் என்ற தசை இருக்கிறது. சுருக்குப்பையின் வாயைப்போல அது எப்போதும் இழுத்து மூடியே இருக்கும். மூச்சு இழுக்கும்போது காற்று வயிற்றுக்குள் போகாமலும், வயிற்றிலிருந்து மேலே வருவது தொண்டைக்கு ஏறாமலும் தடுப்பது அதன் வேலை. விழுங்கும் கணத்தில் மட்டும் தசை தளரும். கூடவே குரல்வளை மேலும் முன்னுமாக நகர்ந்து வாசலை இழுத்துத் திறக்கும். திறந்திருப்பது ஏறக்குறைய அரை விநாடி. உணவு கடந்ததும் தசை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இறுகி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும்.

வாசல் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது விழுங்கும் கவளத்தைப் பொறுத்தது. பெரிய கவளமென்றால் அகலமாகவும் சற்று அதிக நேரமும் திறக்கும். துளி எச்சிலுக்குக் கொஞ்சமாகத்தான் திறக்கும். தசையின் இறுக்கம் கூடியிருப்பவர்களுக்கோ, அந்த இடத்தின் உணர்வு கூர்மையாகிவிட்டவர்களுக்கோ எச்சில் விழுங்குவது மூடிய கதவில் உரசிப்போவதாகத் தெரியும். சோற்றுக் கவளம் அதே இடத்தை விரித்துக்கொண்டு போய்விடும். சாப்பிடும்போது நிம்மதியாக இருப்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

இந்த உணர்வை யாரும் இப்போதே வரவழைத்துப் பார்க்கலாம். தண்ணீர் குடிக்காமல், வாயில் எதுவும் இல்லாமல், தொடர்ந்து ஐந்து முறை விழுங்குங்கள். மூன்றாவது, நான்காவது முறையிலேயே தொண்டை மறுக்கும். ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். எச்சில் தீர்ந்துவிட்டது, தசையோ ஒவ்வொரு முறையும் இறுகி இறுகி நிற்கிறது. உருண்டை இருக்கிறதா போய்விட்டதா என்று சோதிப்பதற்காகவே நாள் முழுக்க விழுங்கிக்கொண்டிருப்பவருக்கு இதுதான் நடக்கிறது. செருமலும் அப்படியே. செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. அங்கே லேசாக வீங்குகிறது, சளி கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது, அதைக் களைய மறுபடி செருமத் தோன்றுகிறது. ஆரம்பித்துவைத்தது ஒரு சளிக்காய்ச்சலாக இருந்திருக்கலாம். அது போய் வெகுநாளான பிறகும் உருண்டையை உயிரோடு வைத்திருப்பது இந்தச் சுழற்சிதான்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. வயிற்று அமிலம் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிக்கு ஏறினாலே, நரம்புவழி எதிர்வினையாக மேல்வாசல் இறுகக்கூடும். அமிலம் தொண்டைவரை வரவேண்டும் என்பதில்லை. சிலருக்கு உணவுக்குழாயின் மேல்முனையில் பிறவியிலேயே இரைப்பையின் உள்தோல் ஒரு திட்டாக அமைந்திருக்கும்; அதுவும் ஒரு காரணமாகலாம். மனஅழுத்தம் இதைக் கூட்டும் என்பதிலும் சந்தேகமில்லை. அழுகையை அடக்கும்போது தொண்டை அடைப்பதை அறியாதவர் யார்? ஆனால் அழுத்தம் கூட்டுகிறது என்பது வேறு, எல்லாம் மனப்பிரமை என்பது வேறு. கழுத்துத் தசைகளின் இறுக்கம்தான் இதற்குக் காரணம் என்று 1707லேயே ஜான் பர்செல் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பாதி தாண்டும்வரை இதற்கு ‘ஹிஸ்டீரியா உருண்டை’ என்ற பெயரே நிலைத்திருந்தது. 1968இல் மால்கம்சன் என்ற மருத்துவர், தன்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட குணமே இல்லை என்று காட்டி, அந்த அடைமொழியை நீக்கினார்.

பரிசோதனை அறையில் இது எப்படிப் போகும் என்று பார்க்க, 42 வயது ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து மாதமாக உருண்டை. எங்கே என்று கேட்டால் ஒற்றை விரலால் கழுத்தின் நடுவைக் காட்டுகிறார். பள்ளி முடிந்து வரும் மாலையில் அதிகம், சாப்பிடும்போது இல்லை. வலி இல்லை, குரல் மாறவில்லை, எடை குறையவில்லை, புகையிலைப் பழக்கம் இல்லை. மருத்துவர் வாயையும் நாக்கின் அடிப்பகுதியையும் பார்ப்பார், கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா, தைராய்டு பெருத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு மூக்கில் மரப்பு மருந்தைத் தெளித்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாயை உள்ளே விட்டு, தொண்டையையும் குரல்நாண்களையும் நேரில் பார்ப்பார். சில நிமிட வேலை. அங்கே எதுவும் இல்லையென்றால் இந்த ஆசிரியைக்கு அதற்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது.

மன ஆறுதலுக்காகக் கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தடவிப் பார்த்ததில் எதுவும் தட்டுப்படாதபோது அதைத் தவிர்ப்பதே நல்லது. நடுவயதுப் பெண்களில் கணிசமானவர்களுக்குத் தைராய்டில் சின்னச்சின்ன முடிச்சுகள் இருக்கும். உருண்டை உணர்வுக்கும் அவற்றுக்கும் தொடர்பிருக்காது. ஆனால் அறிக்கையில் வந்துவிட்டால் பயம் இரட்டிப்பாகும், ஊசிக் குத்தல் பரிசோதனைவரை இழுத்துக்கொண்டு போகும்.

அதே ஆசிரியை ஓரிரு விவரங்களை மாற்றிச் சொன்னால் கதை மாறிவிடும். “சப்பாத்தி மட்டும் தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது குளோபஸ் அல்ல. மூச்சு வாங்குவது ரத்தசோகையால் இருக்கலாம். நீண்டகால இரும்புச்சத்துக் குறைவில் உணவுக்குழாயின் வாசலருகே மெல்லிய சவ்வு ஒன்று வளர்ந்து வழியைக் குறுக்கலாம். நடுவயதுப் பெண்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும், தேவைப்பட்டால் சவ்வை விரித்துவிடுவதும் சிகிச்சை. சவ்வு இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அந்தப் பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் தொடர்ந்து கவனிக்கவும் வேண்டும்.

குளோபஸ் என்று உறுதியானவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது அமிலத்தைக் குறைக்கும் ‘கேஸ் மாத்திரை’. நெஞ்செரிச்சலோ புளித்த எதுக்களிப்போ இருந்தால் அது நியாயம். காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு போட்டால்தான் முழுப் பலன். அந்தத் தொந்தரவுகள் இல்லாதவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுப்பதில் பெரிய பொருளில்லை. நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து, 2021இல் வெளியான ஆய்வில், லான்சோப்ரசோல் 30 மில்லிகிராம் தினமும் இருவேளை என 16 வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களைவிட அவர்கள் மேலாகிவிடவில்லை.

பலன் தருவது பழக்கத்தை மாற்றுவதுதான். விழுங்கிப் பார்க்கத் தோன்றும்போதும் செருமத் தோன்றும்போதும் ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். எச்சிலுக்குப் பதில் வாசலுக்கு ஒரு கவளம் கிடைக்கிறது. கையில் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் இது நடக்காது. பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் ஒரு பயிற்சி எளியது: தோளைத் தொங்கவிட்டு, கீழ்த்தாடையைத் தளர்த்தி, வாயை மூடியபடியே கொட்டாவி விடுவதுபோல இழுத்து, பெருமூச்சாக வெளியே விட வேண்டும். கொட்டாவியில் குரல்வளை கீழே இறங்குவதால் கழுத்தின் பிடிப்பு தளர்கிறது. ஒரு தடவைக்கு நான்கைந்து முறை, நாளில் சில தடவை செய்தால் போதும். ஓரிரு நாளில் பலனை எதிர்பார்த்து விட்டுவிடுவதுதான் இங்கே பலர் சறுக்கும் இடம். பழக்கம் மாற வாரங்கள் ஆகும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு உதவும்.

முழுவதும் மறைந்துவிடும் என்று எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், 74 பேரைச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கழித்து மீண்டும் விசாரித்தபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு உருண்டை போயிருந்தது அல்லது குறைந்திருந்தது. மீதிப்பேருக்கு அப்படியே இருந்தது. ஆனால் ஒருவருக்குக்கூட அந்தப் பகுதியில் புற்றுநோய் வந்திருக்கவில்லை.

ஒருமுறை பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியாயிற்று என்பது நிரந்தரச் சான்றிதழ் அல்ல. உருண்டை அப்படியே இருந்தால் பரவாயில்லை. அதன் குணம் மாறினால் மறுபடி காட்ட வேண்டும். உணவு சிக்கத் தொடங்குவது, விழுங்கும்போது வலிப்பது, உணர்வு ஒரே பக்கமாக ஒதுங்குவது, அந்தப் பக்கக் காதும் சேர்ந்து வலிப்பது, குரல் கம்மி மூன்று வாரத்துக்கும் மேல் நீடிப்பது, கழுத்தில் கட்டி தட்டுப்படுவது, எச்சிலில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நாள் கடத்தக் கூடாது. பீடி, சிகரெட், மது, புகையிலை போட்ட வெற்றிலை, பான்மசாலா ஆகிய பழக்கம் உள்ளவர்களும், ஐம்பதைத் தாண்டி முதல்முறையாக இந்த உணர்வு வந்தவர்களும் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல், ஆரம்பத்திலேயே ஒருமுறை குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்துவிடுவது நல்லது.