துளிக்குப் பிடிபடாத தூசி

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “டெல்லியில் வைத்த மாதிரி காற்றை வடிகட்டும் ஒரு ஸ்மாக் டவரை நம்ம ஊர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வைத்தால் காற்று சுத்தமாகுமா? இல்லை, லாரியில் வைத்துத் தண்ணீரைப் பனி மாதிரி அடிக்கிறார்களே, அந்த ஸ்மாக் கன் போதுமா? சாதாரணமாக ரோட்டில் தண்ணீர் தெளித்தாலே சரியாகிவிடுமா?”

நுண்துகளை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்றுமே ஏறக்குறைய பயனற்றவை. பெருந்தூசிக்கு மட்டும் தண்ணீர் உதவும். ஒரே தண்ணீர் ஒரு தூசியைப் பிடித்து இன்னொன்றை ஏன் விட்டுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பி.எம்.10 என்பது 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள், பி.எம்.2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ரோட்டுப் புழுதி, கிரஷர் தூள், காய்ந்த பாலாற்று மணலிலிருந்து கிளம்புவது எல்லாம் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கு மேல். டீசல் புகை, விறகுப் புகை, எரியும் குப்பையின் புகை ஆகியவை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. நுரையீரலின் அடிவரை இறங்குவது இந்தச் சின்னதுதான்.

இப்போது ஒரு நீர்த்துளி காற்றில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தன் பாதையில் உள்ள தூசியையெல்லாம் ஒட்டிக்கொண்டு கீழே வரும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. பறக்கும் இலவம்பஞ்சைக் கையை வீசிப் பிடிக்கப் பாருங்கள். கை போய்ச் சேருவதற்குள், கை தள்ளிய காற்று பஞ்சை ஒதுக்கிவிடும். அதே இடத்தில் ஒரு கூழாங்கல் வந்தால் கையில் பட்டென்று அடிக்கும். துளியும் அந்தக் கை மாதிரிதான். அது இறங்கும்போது முன்னால் உள்ள காற்று பிளந்து இரு பக்கமும் வளைந்து ஓடுகிறது. 10 மைக்ரான் தூசிக்கு எடை உண்டு. காற்று வளையும்போது அதனால் உடனே வளைய முடியாது, நேராகப் போய்த் துளியில் மோதுகிறது. அரை மைக்ரான் புகைத்துகளுக்கு அந்த உந்தமே கிடையாது. காற்று எப்படி வளைகிறதோ அப்படியே தானும் வளைந்து, துளியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறது.

அப்படியென்றால் இன்னும் சிறிய துகள் இன்னும் சுலபமாகத் தப்புமா? இல்லை. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 0.1 மைக்ரானுக்குக் கீழே போனால் துகள் அவ்வளவு லேசாகிவிடுகிறது. காற்று மூலக்கூறுகள் வந்து இடிப்பதே அதை இங்கும் அங்கும் தள்ளாட வைக்கிறது. பள்ளியில் படித்த பிரௌனியன் இயக்கம் இதுதான். அப்படித் தள்ளாடும் துகள் காற்றோட்டத்தை விட்டு விலகி, தற்செயலாகத் துளியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, பெரியது மோதிப் பிடிபடுகிறது, மிகச் சிறியது தடுமாறிப் பிடிபடுகிறது. நடுவில் 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளதற்கு மோதும் எடையும் இல்லை, தடுமாறும் லேசும் இல்லை. இந்த நடு இடத்துக்கு, அதை 1957-இல் விளக்கிய விஞ்ஞானியின் பெயரால், கிரீன்ஃபீல்ட் இடைவெளி என்று பெயர். புகையால் வரும் பி.எம்.2.5-இன் எடையில் பெரும்பகுதி சரியாக இந்த இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஹோமப் புகையும் சாம்பிராணியும் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்புகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. பக்தி வேறு விஷயம். ஆனால் அந்தப் புகையின் துகள்களும் இதே அளவுதான்; காற்றில் சேருகின்றனவே தவிர எதையும் நீக்குவதில்லை.

“மழை பெய்தால் காற்று பளிச்சென்று ஆகிவிடுகிறதே?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதில் விழும் துளியின் பங்கு சிறியது. மேகத்துக்குள் நீராவி படிந்து துளியாக மாறுவதே நுண்துகள்களின் மேல்தான். துகள் துளியின் கருவாகவே சேர்ந்து கீழே வருகிறது. அதோடு மழைக்காற்று புதுக்காற்றைக் கொண்டுவருகிறது, மண் நனைகிறது, குப்பைத்தீ அணைகிறது. லாரியில் வரும் பீய்ச்சியால் இதில் எதையும் செய்ய முடியாது.

ஸ்மாக் கன்னைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பெரிய விசிறி, அதன் வாயைச் சுற்றி வளையமாக நுண்துளை நாசில்கள், உயரழுத்தப் பம்ப், பின்னால் டேங்க். நிமிடத்துக்கு 100 லிட்டர் அடிக்கிறது, துளி 50 மைக்ரான் என்று கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கோடி துளிகள்! ஒவ்வொன்றும் 10 மீட்டர் விழுந்தால், எல்லாத் துளிகளும் சேர்ந்து சுமார் 30,000 கன மீட்டர் காற்றைக் கடந்து வருகின்றன. அரை மைக்ரான் துகளைப் பிடிக்கும் திறன் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். எனவே உண்மையில் சுத்தமாவது 30 கன மீட்டர், அதாவது பத்துக்குப் பத்து அறை ஒன்று. 100 லிட்டர் தண்ணீருக்கு ஓர் அறை காற்று. அதே தண்ணீர் 10 மைக்ரான் புழுதியென்றால் பல ஆயிரம் கன மீட்டரைத் துடைத்துவிடும்.

விசிறியின் வேகம் உதவாதா என்றால், அதுவும் இல்லை. விசிறி துளியையும் காற்றையும் தூசியையும் சேர்த்தே தள்ளுகிறது. ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள மாட்டார்கள். 50 மைக்ரான் துளி நாசிலை விட்டு வந்த கொஞ்ச தூரத்திலேயே காற்றின் வேகத்துக்கு அடங்கிவிடும். பிறகு அது விழும் வேகம் விநாடிக்கு 7 சென்டிமீட்டர்தான்.

வேலூர் வெயிலில் அவ்வளவு நேரம் அது உயிரோடு இருப்பதும் இல்லை. 40 டிகிரி வெப்பம், 30 சதவீத ஈரப்பதம் உள்ள கத்திரி மதியத்தில் 50 மைக்ரான் துளி சுமார் இரண்டு விநாடியில் ஆவியாகிவிடும். அந்த 10 மீட்டர் கணக்கே நமக்குத் தாராளம்! துளி ஆவியானால் தண்ணீர்தான் போகும், அதிலிருந்த உப்பு போகாது. பாலாற்றுப் படுகையில் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்பின் அளவு, லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் இருப்பது அபூர்வமல்ல. அந்தத் தண்ணீரில் 50 மைக்ரான் துளி காய்ந்தால் சுமார் 5 மைக்ரான் உப்புத்துகள் மிஞ்சும். நாசிலிலிருந்து வரும் துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. கூடவே 20 மைக்ரான் துளிகளும் வரும். அவை காய்ந்தால் 2 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவான துகள். அதுவும் பி.எம்.2.5 தான். தூசியைக் குறைக்கப் போய் நாமே தூசி செய்கிறோம். இதே உப்பு நாசில் துளைகளையும் அடைக்கும். அடைந்த நாசில் பனியாகத் தூவாமல் ஒழுக ஆரம்பிக்கும். வண்டியைப் பார்க்கிறவர்கள் வளையத்தின் கீழ் சொட்டுகிறதா என்று பார்த்தாலே தெரியும்.

ஆனாலும் இந்தக் கருவியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கட்டடம் இடிக்கும் இடத்தில், கல் உடைக்கும் கிரஷர் வாயில், ஜல்லி கொட்டும் நேரத்தில், தூசி கிளம்பும் அந்த இடத்திலேயே அடித்தால் பெருந்தூசி அடங்கும். அதற்குத்தான் அது செய்யப்பட்டது. நடுரோட்டில் வானத்தைப் பார்த்து அடிப்பதற்கு அல்ல.

டவருக்கு வருவோம். டெல்லி கன்னாட் பிளேஸில் 2021 ஆகஸ்டில் திறந்தது சுமார் 24 மீட்டர் உயரம். மேலிருந்து காற்றை இழுத்து, வடிகட்டிகள் வழியாக அனுப்பி, அடியில் உள்ள 40 விசிறிகளால் வெளியே தள்ளும்படி அதை அமைத்தார்கள். விநாடிக்கு 1,000 கன மீட்டர் என்பது அதன் திறன். பெரிய எண்ணாகத்தான் தெரியும். கிரீன் சர்க்கிளை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் காற்று 500 மீட்டர் உயரம் வரை கலக்கிறது, விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால், அந்த வாசல் வழியே விநாடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர் காற்று போகிறது. டவர் துடைப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. மார்கழி விடியலில் காற்று அதிகம் அசையாமல் மலைகளுக்கு நடுவே 100 மீட்டருக்குள் அடைந்து கிடந்தாலும், விநாடிக்கு ஒரு மீட்டர் வீசினால், நூற்றில் ஒரு பங்கு. அதிலும் அடியில் தள்ளிய சுத்தக் காற்றில் ஒரு பகுதியை மேல்வாய் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு விதமாகவும் எடை போடலாம். காற்றில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பி.எம்.2.5 இருக்கிறது; இது நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு. டவர் ஒரு துகளைக்கூட விடாமல் நாள் முழுக்கப் பிடித்தாலும் சேருவது சுமார் 5 கிலோ. திறந்த வெளியில் ஒரு கிலோ குப்பை எரிந்தால் சுமார் 10 கிராம் நுண்துகள் வரும். ஆக இருபது கோடிக்கு மேல் செலவான டவரின் ஒரு நாள் உழைப்பு, ஆற்றோரத்தில் அரை டன் குப்பை எரிவதற்குச் சமம். அரை டன் என்பது ஒரு மினி வேன் சுமை. அந்தப் பணத்தில் குப்பை பிரிக்க ஆளும் வண்டியும் போடுவதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ரோட்டில் தண்ணீர் தெளிப்பது மட்டும் ஏன் கொஞ்சம் தேவலை? அது காற்றில் உள்ள தூசியைத் துரத்துவதில்லை, கிளம்பாமல் தடுக்கிறது. மண்துகள்களுக்கு இடையே தண்ணீர் மெல்லிய பாலமாக நின்று ஒன்றோடொன்றைப் பிடித்துவைக்கிறது, டயர் உருண்டாலும் எழும்பாது. 7 மீட்டர் அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு, சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வீதம் 3,500 லிட்டர் வேண்டும். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் அது ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். எட்டு மணி நேரம் ஈரமாக வைக்க 28,000 லிட்டர். குடிதண்ணீருக்கே முறை வைக்கும் ஊரில் இது கட்டாது. சுத்திகரித்து கிருமி நீக்கிய கழிவுநீரைத் தாழ்வான குழாயில் விடலாம், பனியாக அடிக்கக் கூடாது. தெளிப்பதற்கு முன் மண்ணை வாரி அள்ள வேண்டும். அள்ளாமல் தெளித்தால் சேறாகி ரோட்டோரம் ஒதுங்கும், மறுநாள் காய்ந்து இன்னும் நைசாகக் கிளம்பும், நடுவில் டூவீலர்களும் வழுக்கும்.

2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றத்தை பி.எம்.10 வைத்தே அளக்கிறார்கள். அளப்பது பெருந்தூசியாக இருக்கும்போது செலவும் துடைப்ப வண்டிக்கும் தண்ணீர் லாரிக்குமே போகும். பி.எம்.2.5-ஐ வைத்து அளந்தால் பணம் அடுப்பு, டீசல், குப்பைத்தீ பக்கம் திரும்பும்.

உங்கள் தெருவில் எது பிரச்சினை என்று பார்க்க இரண்டு எண்களும் வேண்டும். பி.எம்.10-இல் பி.எம்.2.5 கால் பங்குக்குள் இருந்தால் அது புழுதி, தண்ணீரும் துடைப்பமும் பலன் தரும். பாதிக்கு மேல் போனால் புகை. தெளிப்பு பலித்ததா என்பதை லாரி வந்த அன்றைய எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அன்று காற்றே மாறியிருக்கலாம். காற்று வரும் பக்கம் தூசி அளக்கும் ஒரு கருவி, போகும் பக்கம் ஒரு கருவி வைத்து, ஒரு நாள் தெளித்து மறுநாள் விட்டு, இரண்டு மூன்று வாரம் எடுத்து, இரு கருவிகளின் வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும். மலிவான லேசர் கருவியை ஸ்மாக் கன்னுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நீர்த்துளியையும் அது தூசி என்றே எண்ணும்.