ஒரு கட்டை விழ 16 விநாடி

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டில் இருப்பது ஏழு வடிவக் கட்டைகள்தான். மேலிருந்து விழும் அவற்றை அடுக்கி, ஒரு வரிசையை இடைவெளி இல்லாமல் நிரப்பினால் அந்த வரிசை அழியும். கதை இல்லை, எதிரி இல்லை. ஆனாலும் 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போகும். இதற்கான காரணத்தை 1989-இல் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிக்காக நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸின் வேகக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

அதில் திரை விநாடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்படும். தொடக்க நிலையில் கட்டை ஒரு வரிசை இறங்க 48 புதுப்பிப்புகள் ஆகும். அப்படியானால் ஆட்டக் களத்தின் இருபது வரிசையும் இறங்க 16 விநாடி. யோசிக்க ஏகப்பட்ட நேரம். பழகியவருக்குக் கொட்டாவியே வந்துவிடும். ஒன்பதாம் நிலையில் அதே தூரத்துக்கு 2 விநாடி, பதினெட்டாம் நிலையில் ஒரே விநாடி. பத்து வரிசை அழித்தால் அடுத்த நிலை என்பதால், கை தேறத் தேற வேகமும் கூடவே ஏறுகிறது. சலிப்புக்கும் திணறலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகலான இடத்தைத்தான் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் ஆழ்ந்த ஈடுபாட்டின் இடம் என்றார்.

நேரம் குறையும்போது கையும் யோசிக்கத் தொடங்குகிறது. டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரர்கள் தேவைக்கு அதிகமாகவே கட்டையைத் திருப்புவதைக் கவனித்தார்கள். மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதைவிடப் பொத்தானை அழுத்தித் திரையில் திருப்புவது சீக்கிரம் முடிகிறது. அதாவது யோசனையில் ஒரு பகுதி திரையிலேயே நடக்கிறது. வேறு எதையும் நினைக்க மனதில் இடமே மிஞ்சுவதில்லை.

அப்புறம், பலன் உடனே தெரிகிறது. சரியாக வைத்தால் வரிசை மறைந்துவிடும். தப்பாக வைத்தால் ஒரு ஓட்டை, மேலே உள்ளதை அழிக்கும்வரை கண்ணெதிரே கிடக்கும். நன்றாகச் செய்தது காணாமல் போய், பிழை மட்டும் மிஞ்சுவதால், திரையில் எப்போதும் ஏதோ ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதில் ஆசையும் சேர்கிறது: தொடக்க நிலையில் ஒரு வரிசைக்கு 40 புள்ளி, நீளக் கட்டையால் நான்கை ஒன்றாக அழித்தால் 1200. அதற்காக ஓரத்தில் ஒரு பள்ளத்தை விட்டுவைத்து, அடுத்தது அந்தக் கட்டையா என்று முன்னோட்டப் பெட்டியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள்.

இந்த ஈடுபாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 29-ஆம் நிலையில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு வரிசை இறங்கும். அடியைத் தொட விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். பொத்தானைப் பிடித்து வைத்தால் கட்டை பக்கவாட்டில் நகர்வதோ ஆறு புதுப்பிப்புக்கு ஒரு கட்டம். பெரும்பாலும் சுவரைச் சேர்வதற்குள் தரை வந்துவிடும். அங்கே சவால் செத்து, வெறும் எரிச்சல்தான் மிஞ்சும். அதனாலேயே அதுதான் ஆட்டத்தின் முடிவு என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு சிலர் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்து, கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் பின்பக்கத்தை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு 13 வயதுச் சிறுவன் 157-ஆம் நிலைவரை போனபோது, தாங்க முடியாமல் உறைந்து நின்றது ஆட்டம்தான்.