'சரி' சொன்ன பிறகு வரும் நாலு நிமிடம்

வெப்சைட் செய்து கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சாயங்காலம் போனில் 'சரி, ஆரம்பிச்சிடுங்க' என்கிற கிளையன்ட், காலையில் 'இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்' என்கிறார். ராத்திரியில் என்ன ஆகிறது?"

முடிவெடுத்த கையோடு, எடுத்ததில் உள்ள குறையும் விட்டதில் இருந்த நல்லதும் மனதை உறுத்தும். உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1957-ல் விளக்கிய அறிவாற்றல் முரண்பாடு இதுதான். போகப்போக, எடுத்ததே நல்லது என்று மனம் சமாதானமாகிவிடும் என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தச் சமாதானம் உடனே வருவதில்லை, எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

1964-ல் எலெய்ன் வால்ஸ்டர் என்ற உளவியலாளர், அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்களிடம் கிட்டத்தட்ட சம அளவில் பிடித்திருந்த இரண்டு வேலைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பிடிக்கிறது என்று மறுபடி கேட்டார், சிலரிடம் உடனே, சிலரிடம் 4 நிமிடம் கழித்து, சிலரிடம் 15, இன்னும் சிலரிடம் 90 நிமிடம் கழித்து. 4 நிமிடக் குழுவுக்குத் தாங்கள் எடுத்த வேலையே முன்பைவிடக் கசந்திருந்தது! 15 நிமிடக் குழுவில் அது தலைகீழாகி, எடுத்த வேலை நன்றாக உயர்ந்திருந்தது. நடுவில் வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்காக உங்கள் கிளையன்ட்டுக்கும் இதே கடிகாரம்தான் ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பணம் போட்டவருக்கு உறுத்தல் ராத்திரி முழுக்க நீளலாம்.

புது கிளையன்ட்டுக்கு நீங்கள் அனுப்பும் வரவேற்பு மின்னஞ்சல் போய் உட்கார வேண்டியது இந்த இடைவெளியில்தான், அதனால் டெம்ப்ளேட்டை முன்பே எழுதி வைத்துவிட்டு, போனை வைத்ததும் அனுப்புங்கள். பேக்கரி வைத்திருப்பவர் 60,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார் என்று வையுங்கள், இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நீங்கள் கேட்டபடி ஐந்து பக்கங்கள், போனிலிருந்தே கேக் ஆர்டர் செய்யும் வசதி, மொத்தம் 60,000. செவ்வாய் காலை 11 மணிக்கு முதல் டிசைனை அனுப்புகிறேன். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கடையின் போட்டோக்கள் பத்து அனுப்புங்கள். டிசைன் பிடிக்காவிட்டால் இரண்டு முறை மாற்றித் தருவேன்."

கேக் ஆர்டர் என்பது அவரே சொன்ன காரணம், அதைத் திரும்பக் கேட்கும்போது எடுத்த முடிவு தன்னுடையதுதான் என்று படும். செவ்வாய் 11 மணி என்றதும் 'பணம் வாங்கிட்டு ஆள் காணாமல் போயிடுவாரோ' என்ற பயம் குறையும், ஆனால் செவ்வாய் எதுவும் வராவிட்டால் மெயிலே அனுப்பாததைவிட மோசம்.

கூடவே போன் செய்து தைரியம் சொல்லலாமா? மார்க்கெட்டிங் ஆய்வாளர் ஷெல்பி ஹன்ட் 1970-ல் இதை பிரிட்ஜ் வாங்கியவர்களிடம் சோதித்தார். தைரியம் சொல்லும் கடிதம் பெற்றவர்களுக்கு உறுத்தல் குறைந்தது, போன் வந்தவர்களுக்குக் கூடியது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்விலோ, கார் பதிவு செய்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவர்களுக்குப் போன் போனதும் ரத்து செய்தவர்கள் குறைந்தார்கள். வாரக்கணக்கில் காத்திருப்பவருக்குப் போன் ஆறுதல், இப்போதுதான் வாங்கியவருக்கு 'ஏன் கூப்பிடுகிறார்கள்?' என்ற சந்தேகம், இது என் ஊகம்தான். வரவேற்பு மெயிலில் திடீர்த் தள்ளுபடி தருவதும் இதே சந்தேகத்தைத்தான் கிளப்பும், இன்னும் கொஞ்சம் பேரம் பேசியிருக்கலாமோ என்று.