கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் மாத்திரை அட்டையைக் கொண்டு வாருங்கள்

நான்கு மாதத்தில் கல்யாணம் என்று அம்மாவோடு வந்தார் ஒரு 23 வயதுப் பெண். பதினைந்து வயதிலிருந்து வலிப்பு. காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுக்கும், பிடித்திருக்கும் டம்ளர் தெறிக்கும், தூக்கம் கெட்டால் முழு ஃபிட்ஸே வந்துவிடும். சோடியம் வால்ப்ரோயேட் 500 மில்லிகிராம் காலையும் இரவும் எடுக்கிறார், மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. "நல்லாத்தானே இருக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்திடலாமா டாக்டர்?" என்றார் அம்மா.

இந்த வகை வலிப்பில் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். ஆனால் இதே மாத்திரையோடு கருத்தரிக்கவும் கூடாது. வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் 100க்கு சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது, 30 முதல் 40 பேருக்குப் பின்னாளில் பேச்சிலோ படிப்பிலோ தாமதம் தெரிகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளி, வீட்டில் டெஸ்ட் பார்த்து, எங்களிடம் வருவதற்குள் அந்தக் கட்டம் முடிந்திருக்கும், அதனால்தான் முன்பே வரச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்தோம்? வால்ப்ரோயேட்டைத் தொடாமல் முதலில் லெவெடிரசிடம் என்ற வேறொரு வலிப்பு மாத்திரையை 250 மில்லிகிராம் இரு வேளை சேர்த்து, இரண்டு வாரத்தில் 500 ஆக்கினோம். அது நிலைத்த பிறகு வால்ப்ரோயேட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 வீதம் குறைத்தோம். கடைசிக் கட்டத்தில் ஒரு காலை மறுபடி கை வெட்டியது, லெவெடிரசிடத்தை 750க்கு ஏற்றியதும் நின்றது. இந்த மாத்திரையில் சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். புது வீட்டில் அதை அவர் குணம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால், மாப்பிள்ளையையும் வரவழைத்துச் சொன்னேன். (வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்தால் பெண் மாத்திரையையும் மறைந்துதான் போட வேண்டும், அப்போதுதான் வேளை தவறும்.) ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் தினமும் ஆரம்பித்தோம். மாற்றம் முடிந்து ஆறு மாதம் வலிப்பில்லாமல் போகும் வரை ஆணுறை. கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் லெவெடிரசிடத்தின் அளவு ரத்தத்தில் இறங்கும், அதற்கேற்ப டோஸை ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

பிரஷர் மாத்திரையிலும் இதே கதைதான். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடும், முக்கியமாக நான்காவது மாதத்திலிருந்து. லபெட்டலால் அல்லது நிஃபிடிபைனுக்கு மாறி, பிரஷர் கட்டுக்குள் நிற்கிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுக் கருத்தரிப்பது நல்லது.

உங்கள் அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வால்ப்ரோயேட், டைவால்ப்ரோயெக்ஸ், அல்லது "சார்டன்", "ப்ரில்" என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம். அன்றைக்கே அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.