மாதக் கடைசியில் பணம் போட்டால் போதுமா?

"26ஆம் தேதியே கணக்கில் பத்தாயிரம் ஆக்கிவிட்டேனே சார், பிறகு எதற்கு அபராதம்?" இந்த வாரத்தில் இதே கேள்வியோடு என் மேசைக்கு வந்த நான்காவது ஆள் அவர். பாஸ்புக்கில் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். வங்கி ஏமாற்றிவிட்டதாகவே நம்பினார். ஏமாற்றவில்லை. கணக்கு தொடங்கிய அன்று கொடுத்த கட்டண அட்டவணையை அவர் பிரித்தே பார்க்கவில்லை.

அவருடைய கணக்கு வகைக்கு அதில் "சராசரி மாத இருப்பு 10,000" என்று இருந்தது. அவர் 'இருப்பு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 'சராசரி'யை விட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது உள்ள தொகையை எழுதி, மாதம் முழுவதற்கும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் சராசரி. காலையில் போட்டு மாலைக்குள் எடுத்த பணம் இதில் சேராது.

அவர் கணக்கையே போட்டுக் காட்டினேன். முதல் 25 நாட்கள் 2,000 இருந்தது, கூட்டினால் 50,000. கடைசி 5 நாட்கள் 10,000, அதுவும் 50,000. மொத்தம் ஒரு லட்சத்தை 30ஆல் வகுத்தால் 3,333தான் வருகிறது. தேவையான கூட்டுத்தொகையோ மூன்று லட்சம். 26ஆம் தேதி விழித்துக்கொண்டவர் மீதி 5 நாட்களும் தினமும் 50,000 வைத்திருந்தால்தான் தப்பியிருப்பார். மாதத் தொடக்கத்தில் 5 நாட்கள் 60,000 வைத்துவிட்டு மீதி நாட்கள் கணக்கைக் காலியாக விட்டிருந்தாலும் தப்பியிருப்பார் என்றதும் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். எல்லாக் கணக்குக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் காலாண்டுச் சராசரி, சிலவற்றில் அன்றாடக் குறைந்தபட்சம். அந்த ஒரு சொல்லைப் பாருங்கள் என்றுதான் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அபராதம் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் கழிக்கப்படும். விளிம்பில் நிற்கும் கணக்கில் அது அந்த மாதச் சராசரியையும் இழுத்துவிடும்.

பணம் அனுப்பும் கட்டணத்துக்கு, தொகை வரம்பைப் பார்ப்பதற்கு முன் எந்த வழியாக அனுப்புகிறீர்கள் என்ற பத்தியைப் பாருங்கள். செயலியில் இலவசமாக உள்ள அதே பரிமாற்றத்துக்குக் கிளையில் படிவம் எழுதிக் கொடுத்தால் கட்டணம் இருக்கலாம்.

காசோலையில் இலவசம் என்பது பெரும்பாலும் ஆண்டுக்கு இத்தனை தாள்கள் என்றுதான் இருக்கும், இத்தனை புத்தகங்கள் என்று அல்ல. எழுத்துப்பிழைக்காகக் கிழித்த தாளும் எண்ணிக்கையில் சேரும். பணமில்லாமல் திரும்பும் காசோலைக்கு எழுதியவரிடம் மட்டுமல்ல, வங்கியில் செலுத்தியவரிடமும் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன. அது அட்டவணையில் தனி வரிசையாக இருக்கும்.

தயவுசெய்து அடிக்குறிப்புகளையும் படியுங்கள். "வரி தனி" என்பது எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அட்டவணையைத் திறந்ததும் முதலில் உங்கள் கணக்கு வகையின் சரியான பெயரைத் தேடுங்கள். அன்று வந்தவர் வீட்டில் அச்செடுத்துக் கொண்டுவந்த அட்டவணை வேறொரு கணக்கு வகைக்கானது.